நாலரை மணிக்கு இரவுச் சாப்பாடு

கிள்ளானில் நான் இருக்கும் முதியோர் இல்லத்தில் ஒரு காலம் இரவுச் சாப்பாடு மாலை நாலரை மணிக்கு நடந்தது. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பள்ளி பஸ் தெருமுனையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருக்கும். உள்ளே நாங்கள், பல்லும் பல்செட்டுமாக ஒரு கூடம் நிறைந்த கிழடுகள், முன்பின் பார்த்திராத ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடி முடித்துவிட்டு பிரியாணி தின்றுகொண்டிருப்போம். அந்த நேரத்தைக் கண்டுபிடித்து அமலுக்குக் கொண்டுவந்தவன் நான்.

என் தரப்பு நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அது எவ்வளவு அசட்டுத்தனம் என்பதையும் நானே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பிறந்தநாள், திருமண நாள், இறந்தவருக்குத் திதி என்று எது வந்தாலும், இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுப்பார்கள். குடும்பத்தோடு வந்து, தங்கள் கையாலேயே பரிமாறி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஏழு மணி என்று சொன்னால் எட்டரைக்கு வருவார்கள். ஃபெடரல் ஹைவேயில் ஜேம், வண்டி நகரவில்லை என்பார்கள். கேக் வரும் கார் சுபாங் ஜெயாவில் நிற்கிறது என்பார்கள். அது வந்து சேரும்வரை நாங்கள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் அதற்கு ஒரு கால அட்டவணை போட வேண்டும் என்ற அரிப்பு எனக்கு இன்னும் போகவில்லை. மனைவி போன பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டை மூடிவிட்டு நானாகவே இங்கே வந்து சேர்ந்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே ஆங்கிலக் கடிதம் எழுதுவது, சாப்பாடு கொடுக்கும் உபயக்காரர்களுடன் பேசுவது எல்லாம் என் தலையில் விழுந்தன. விழுந்தன என்பது பொய். நானே எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“நாலு மணிக்கே வரச் சொல்லிடுவோம். அஞ்சரைக்கெல்லாம் அவங்க கிளம்பிடலாம், ஜேமுக்கு முன்னால. சமையல்காரங்களும் வெளிச்சத்துலயே வீட்டுக்குப் போகலாம்” என்று இல்லத்தை நடத்தும் அம்மாளிடம் சொன்னேன். வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

அக்கா யோசித்தார். “உபயம் இல்லாத நாள்ல?”

“எல்லா நாளும் ஒரே நேரமா இருக்கட்டும். வயசானவங்களுக்கு ஒழுங்கு முக்கியம்.”

ஒழுங்கு என்ற சொல்லை நான் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். புது நேரம் வந்தது. நாலு மணித் தேநீரும் பிஸ்கட்டும் நின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் பிஸ்கட் எதற்கு? எட்டு மணிக்கு விளக்கு அணைக்கப்பட்டது. வயிறு நிறைந்தவர்களுக்கு விழித்திருக்க என்ன வேலை? அடுத்து வாயில் எதுவும் படுவது மறுநாள் காலைப் பசியாறலின்போதுதான். உபயக்காரர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். ஒரு சீமாட்டி எனக்குச் சால்வை போர்த்தினார். கிள்ளான் வெயிலில் சால்வை. அதையும் படமெடுத்தார்கள்.

ஒன்றிரண்டு வாரங்களில் இல்லம் இரவில் நடமாட ஆரம்பித்தது. கழிவறை விளக்கு அடிக்கடி எரிந்தது. பெண்கள் பகுதியில் இருவர் படுக்கையில் உட்கார்ந்தபடி ரகசியக் குரலில் சண்டை போட்டுக்கொண்டார்கள். பகலில் எல்லோரும் நாற்காலியில் தலை தொங்கக் கிடந்தோம். வயதாகிறது, தூக்கம் குறைகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

நானும்தான் விழித்தேன். நடுநிசிக்குப் பிறகு யாரோ தட்டி எழுப்பியதுபோல் கண் திறக்கும். வயிற்றில் ஒரு பிறாண்டல். நெஞ்சு லேசாகப் படபடக்கும். மெல்பர்னில் இருக்கும் என் மகன் மாதம் ஒருமுறை பொட்டலம் அனுப்புவான். அதில் வந்த க்ரீம் கிராக்கர் டின் ஒன்று என் கட்டிலுக்குக் கீழே, வேட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, சத்தம் வராமல் இருக்க ஒவ்வொரு பிஸ்கட்டையும் வாயில் ஊறவைத்துத் தின்பேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடினால் தூக்கம் வந்துவிடும். ஒரு இரவுகூட இதை நான் பசி என்று அழைக்கவில்லை. பசி என்று சொன்னால், அட்டவணை போட்டவன் யார் என்ற கேள்வி வரும்.

அடுத்த கட்டிலில் இருந்தவர் போர்ட் கிள்ளானில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். அவரை நான் டிரைவரே என்று கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார். அந்த சாரில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. அவருக்குச் சர்க்கரை நோய். காலையும் இரவும் சாப்பாட்டோடு மாத்திரை. இரவு மாத்திரையும் இப்போது நாலரைக்கு வந்துவிட்டது. அட்டையில் ‘உணவுடன்’ என்றுதானே எழுதியிருந்தது.

அவருக்குப் பொட்டலம் அனுப்ப யாருமில்லை. காஜாங்கில் இருக்கும் மகள் சனிக்கிழமை தவறாமல் வருவாள். ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் வெறுங்கையோடு வருவதுதான் பாசம் என்று நம்புகிறவள்.

அவர் இரவில் எழுந்து நடக்கத் தொடங்கினார். முதல் தடவை சமையலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார், பூட்டியிருந்தது. அடுத்த தடவை சாமி அறையில் பிடிபட்டார். தட்டில் இருந்த வாழைப்பழங்களில் மூன்றின் தோல் மட்டும் முருகன் முன்னால் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

காலையில் அக்கா கேட்டார். “அங்கிள், சாமிக்கு வச்சதுலா அது!”

“சாமி ஒண்ணும் சொல்லலையே. உனக்கு ஏன் கோவம்?”

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அதற்கு அடுத்து நடந்தது சிரிக்கிற மாதிரி இல்லை. ஒரு இரவு நான் டின்னை மூடிக்கொண்டிருந்தபோது அவர் கட்டிலைவிட்டு இறங்கி என் தோளைப் பிடித்து உலுக்கினார். பனியன் தண்ணீரில் நனைத்ததுபோல் வியர்த்திருந்தது. கை நடுங்கியது. “டேய், பின்னால டயரைப் பாருடா! என்னடா தூங்குற?” என்று கத்தினார். லோரியில் கூட வரும் உதவியாளிடம் பேசுவதுபோல் பேசினார். கண் என் மேல்தான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இரவுப் பணிப்பெண் வந்து இனிப்புத் தேநீர் கொடுத்து உட்காரவைத்தாள். கொஞ்ச நேரத்தில், “என்ன சார், எல்லாரும் என் கட்டில சுத்தி நிக்கிறீங்க? நான் செத்துட்டேனா?” என்று கேட்டார்.

மறுநாள் நான் அக்காவிடம் போனேன். பயம் ஒரு காரணம். அவருடைய குறட்டையும் கெட்ட வார்த்தையும் எனக்குப் பிடிக்காமல் போனது இன்னொரு காரணம். மறதி நோய் என்று சாதாரணமாகச் சொல்லாமல், நல்ல ஆங்கிலத்தில் டிமென்ஷியா என்றேன். அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரித்து, அறிகுறிகளை வரிசையாகச் சொன்னேன். இரவில் அலைகிறார், திருடுகிறார், ஆள் தெரியவில்லை. ஒரு மாணவனைப் பள்ளியை விட்டு அனுப்பும்போது இப்படித்தான் அறிக்கை தயாரிப்பேன்.

அக்கா மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. எங்கள் இல்லத்தில் இரவுக்கு ஒரே பணிப்பெண். புத்தி தடுமாறி அலைகிறவர்களை வைத்துக்கொள்ள இடமில்லை. அப்படிப்பட்டவர்களை வேறு ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அறைக்கு வெளியே தாழ்ப்பாள் இருக்கும். எங்களில் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். அதன் பெயரைச் சொல்லாமல் ‘அந்தப் பக்கம்’ என்போம்.

டிரைவர் அன்று மாலை என்னிடம் கேட்டார். “சார், என்னை அந்தப் பக்கம் அனுப்பப் போறாங்களாமே?”

“டாக்டர் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க.”

“மூவார் ரோடு, கெமாமான் ரோடு, எல்லாம் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுனவன் சார் நான். என்னப் போயி ரூம்ல வச்சுப் பூட்டுவாங்களா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “யாரு சார் போட்டுக் குடுத்தது?”

தெரியாது என்றேன்.

டாக்டர் சனிக்கிழமை வந்தார். பக்கத்துக் கிளினிக்கில் இருக்கும் தமிழ்ப் பெண். நாற்பது வயது இருக்கும். எப்போதும் அவசரத்தில் இருப்பவர். மகளும் காஜாங்கிலிருந்து வந்திருந்தாள். முன்கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். சாட்சி சொல்ல என்னையும் அழைத்தார் அக்கா.

டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இன்று என்ன கிழமை?

“என் மக வந்திருக்கா. அப்போ சனிக்கிழமை.”

“பிரதமர் யாரு அங்கிள்?”

“நேத்து வரைக்கும் ஒருத்தர் இருந்தாரு. இன்னைக்குப் பேப்பர் இன்னும் வரல டாக்டர்.”

டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். டோல் சில்லறை எண்ணுகிற வேகத்தில் இரண்டு வரைக்கும் இறங்கிவிட்டு, “கீழ இன்னும் போகணுமா?” என்று கேட்டார்.

“பகல்ல இவ்வளவு தெளிவா இருக்காரே” என்றார் டாக்டர். “ராத்திரிக்கு மட்டும் ஏன் அங்கிள் எழும்புறீங்க?”

டிரைவர் மகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “சும்மாதான்.”

“சாமி பழத்தைச் சாப்பிட்டீங்களாமே?”

“ஆசையா இருந்துச்சு.”

பசித்தது என்று அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தினமும் யாரோ ஒருவர் புண்ணியத்துக்குச் சோறு போடுகிற இடத்தில், போடுகிறவர் கையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, போதவில்லை என்று சொல்வது அவருக்கு முடியாத காரியம். நன்றிகெட்டவன் என்ற பெயரைவிடப் பைத்தியம் என்ற பெயர் அவருக்குப் பரவாயில்லை. மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “அப்பா, ஏன்பா இப்படிப் பண்றீங்க?”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்கதானே பக்கத்துக் கட்டில். சொல்லுங்க.”

நான் சொன்னேன். இரவு இரண்டு மணி, வியர்வை, நடுக்கம், டயர், எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது.

“அவர் உங்களை எழுப்பினாரா?”

“உலுக்கினார். ஆனா நான் ஏற்கெனவே முழிச்சுத்தான் இருந்தேன்.”

“ஏன்?”

அப்படி ஒரு சாதாரணக் கேள்வி. வயதானவனுக்குத் தூக்கம் ஏது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. எதிரே டிரைவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகள் மூக்கை உறிஞ்சினாள். அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை.

“பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

“ராத்திரி ரெண்டு மணிக்கா?”

“தினமும். பசி எழுப்பிவிடும். சாப்பிட்டா தூங்கிடுவேன்.”

டிரைவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“இங்க ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு?” என்று கேட்டார் டாக்டர்.

அக்கா சொன்னார். டாக்டர் ஒரு தடவை கூரையைப் பார்த்தார். “நாலரையா? அது டின்னரா அக்கா? நான் அந்நேரத்துக்கு லஞ்சே சாப்பிட்டிருக்க மாட்டேன்!”

பிறகு பொறுமையாக விளக்கினார். அவ்வளவு நேரம் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாலரைக்குச் சாப்பிட்டது எட்டு ஒன்பது மணிக்குள் பெரும்பாலும் வயிற்றைவிட்டு இறங்கிவிடும். நாங்கள் படுக்கும்போதே வயிறு காலியாகத் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஆரோக்கியமானவருக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்காது. ஆனால் காலி வயிறு சும்மா இருக்காது. சுருங்கும், உறுமும், பசிக்கான சுரப்பை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வாலிபத்தில் அதையும் மீறித் தூங்கிவிடலாம். எங்கள் வயதில் தூக்கமே மெல்லிய துணி. சின்ன இழுப்பிலேயே கிழிந்துவிடும். போதாததற்கு எட்டு மணிக்குப் படுத்தவனுக்கு இரண்டு மணிக்கெல்லாம் பாதிக்கு மேல் தூங்கி முடிந்திருக்கும். விழித்தால் மறுபடி பிடிப்பது கஷ்டம்.

“அது சாருக்கு” என்றார் டாக்டர். “இவருக்குக் கதை வேற. இவர் மாத்திரை கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். சோறு உள்ள இருக்கா இல்லையான்னு அது பார்க்காது. கிட்னியும் கொஞ்சம் வீக். மருந்து உடம்புல ரொம்ப நேரம் நிக்கும். சோறு தீர்ந்துரும், மருந்து தீராது. சுகர் நல்லா கீழ போயிடும். உடம்பு பயந்துபோயி அட்ரினலினைக் கொட்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் அதுதான். மூளைக்குச் சர்க்கரை பத்தலன்னா பக்கத்துல நிக்கிறது வாத்தியாரா கூலியாளான்னு எப்படித் தெரியும்?”

“ஆனா காலையில சுகர் பார்க்கும்போது நல்லாத்தானே இருக்கு டாக்டர்?” என்றார் அக்கா.

“முருகன் தட்டுல இருந்து மூணு வாழைப்பழம் தின்னா ஏன் நல்லா இருக்காது? அவர் தனக்குத்தானே வைத்தியம் பண்ணிக்கிட்டு இருந்திருக்கார். பண்ணாம இருந்திருந்தா ஒரு காலையில எழும்பியே இருக்க மாட்டார்.”

மகள் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் கைப்பைக்குள் எதையோ தேடினாள். ஒரு மிட்டாய் கிடைத்தது. அதை அப்பாவிடம் கொடுக்கலாமா என்று டாக்டரைப் பார்த்தாள். “இப்ப வேணாம்மா, ராத்திரிக்கு வச்சிக்கட்டும்” என்றார் அவர்.

இருந்தாலும் டாக்டர் அங்கேயே தீர்ப்புச் சொல்லவில்லை. மறதி நோயும் கூடவே இருக்கலாம். அதை இரவில் சோதிக்காமல் சொல்ல முடியாது. மறுபடி அப்படி எழுந்தால் உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்; எண் குறைவாக இருந்தால் முதலில் இனிப்பு, பிறகு ரொட்டி. அன்றிலிருந்தே இரவு மாத்திரை வேண்டாம். படுக்கும் முன் எல்லோருக்கும் சின்னதாக ஏதாவது கொடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்றார்.

அக்கா அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினார். ஆனால் காலையில் விழுங்கியது உடம்பிலேயே இருந்தது. ரொட்டி வாங்கக் கடைக்குப் போன ஆள் மழையில் மாட்டிக்கொண்டான். சாப்பாடும் அட்டவணைப்படி நாலரைக்கே முடிந்துபோயிருந்தது. அன்று இரவே அவர் வியர்த்து எழுந்தார். பணிப்பெண் விரலில் குத்தினாள். இங்கே சர்க்கரையை அளக்கும் கணக்கில் மூன்றுக்குச் சற்று மேல். நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சின்னக் கருவியின் எண்ணை நானும் எட்டிப் பார்த்தேன். நான் டிமென்ஷியா என்று எழுத்தெழுத்தாகச் சொன்னது அதுதான்.

மறுவாரம் டாக்டர் மாத்திரையையே மாற்றினார். அதற்குள் டிரைவர் நாலைந்து இரவுகள் அசையாமல் தூங்கியிருந்தார். அந்தப் பக்கம் என்ற பேச்சு நின்றது.

சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. தூங்குவதற்கு ஒட்டினாற்போலவும் சாப்பிடக்கூடாது, நெஞ்செரிச்சல் வரும். படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், ஆறரை மணி என்று முடிவானது. விளக்கணைப்பு ஒன்பதரைக்குப் போனது. ஒன்பது மணிக்கு ஒரு குவளைப் பால், ஒரு துண்டு ரொட்டி. ஆனால் உபயக்காரர்களிடம் யார் சொல்வது?

“நீங்கதானே சார் வரச் சொன்னீங்க. நீங்களே போகச் சொல்லுங்க” என்றார் அக்கா.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினேன். பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். சால்வை போர்த்திய சீமாட்டி மட்டும் கோபித்துக்கொண்டார். “அங்கிள், ஆறரைக்குன்னா நாங்க ஜேம்ல மாட்டிக்குவோம்லா. புண்ணியம் பண்ண வரவங்களை இப்படிப் பண்ணா எப்படி?”

“நீங்க பொட்டலமா அனுப்பிடுங்கம்மா” என்றேன். “படம் வேணும்னா நாங்களே எடுத்து அனுப்புறோம். கேக் மட்டும் வேணாம். பாட்டு நாங்க பாடிக்கிறோம்.” அவர் ஃபோனை வைத்துவிட்டார். வாழ்க்கையில் நான் பேசிய பயனுள்ள ஃபோன்களில் அது ஒன்று.

டிரைவர் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என்னோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. அவர் திட்டாமல் இருந்ததுதான் என்னை வாட்டியது. அக்காவிடம் கேட்டு எதிர் அறைக்கு மாறிக்கொண்டார். மகள் வந்தபோது என்னிடம் மட்டும் வணக்கம் சொல்லாமல் போனாள்.

பல நாள் கழித்து, ஒன்பது மணிப் பாலுக்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் என் குவளையை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தேன்.

“டிரைவரே, என்னை மன்னிச்சிருங்க.”

அவர் ரொட்டியைப் பாலில் நனைத்தார். “எதுக்கு சார்? சாப்பாட்டு நேரத்த மாத்துனதுக்கா? பைத்தியம்னு போட்டுக் குடுத்துட்டுத் தெரியாதுன்னு சொன்னதுக்கா? பக்கத்துல ஒருத்தன் பட்டினியா முழிச்சிருக்கும்போது சுவத்தப் பாத்துத் தின்னதுக்கா?”

“மூணுக்கும்.”

“மூணையும் ஒரே அடியா ஏத்துனா வண்டி தாங்காது சார். ஒண்ணொண்ணா கேளுங்க. இன்னைக்கு ஒண்ணு.”

நான் யோசித்தேன். “சாப்பாட்டு நேரத்த மாத்துனதுக்கு.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் விலாவில் இடித்தார். “பாத்தியா, இருக்கிறதுலயே லேசானதத் தூக்குறாரு வாத்தியாரு.” பிறகு என்னைப் பார்த்து, “சரி, அது முடிஞ்சுது. பாலக் குடிங்க, ஆறுது” என்றார்.

மற்ற இரண்டையும் நான் இன்னும் கேட்கவில்லை.